சர்க்கிள் பேக் என்றால் வண்டியை எடுக்கலாமா?

(பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கஞ்சிக்கோட்டு ஃபேக்டரிகளில் வேலை செய்கிறீர்கள். மீதிப் பேருக்கு வாளையார் வழியாகப் போகிற ஏதாவது ஒரு லோடோடு சம்பந்தம் இருக்கும். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், ஆபீஸ் மெயிலில் இங்கிலீஷ் என்று மூன்றையும் ஒரே நாளில் பேசிப் பழகியவர்கள் நாம். அதனால் மொழி நமக்குப் பயமில்லை. ஆனால் எனக்கு இங்கிலீஷ் தெரிந்தும் புரியாமல் போன ஒரு மெயில் உண்டு. இன்று அந்த ஒரு மெயிலைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

பல வருஷம் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் எழுத்து வேலை பார்த்தேன். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியிலிருந்து பம்ப் செட் ஏற்றிக் கொச்சிக்கு ஒரு வண்டி கிளம்பியது. செவ்வாய்க்கிழமை மாலை, சரக்கோடு கூடவே போக வேண்டிய ஜிஎஸ்டி தாளான இ-வே பில் போட்டார்கள். தூரம் 200 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்தப் பில்லுக்கு ஒரு நாள் உயிர். அந்த ஒரு நாள், பில் போட்ட தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவில் முடியும். அதாவது புதன் நள்ளிரவு வரை. புதன் காலை பதினொரு மணிக்குக் கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் கிளட்ச் பிளேட் எரிந்து வண்டி நின்றுவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் சரியாகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

இப்படி ஆனால் பில்லை நீட்டிக்கலாம். முடிகிற நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னாலிருந்து, முடிந்து எட்டு மணி நேரம் வரைக்கும் இ-வே பில் போர்ட்டல் அதற்கு இடம் கொடுக்கும். எங்கள் விஷயத்தில் புதன் மாலை 4 மணி முதல் வியாழன் காலை 8 மணி வரை. என்ன காரணம், வண்டி இப்போது நிற்கும் இடத்தின் பின்கோடு என்ன, வண்டி நம்பர் என்ன என்று கொடுத்தால் போதும், பத்து நிமிஷ வேலை. ஆனால் அதை யார் செய்ய முடியும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பில்லில் டிரான்ஸ்போர்ட்டர் ஐடி கொடுத்திருந்தால் அந்த டிரான்ஸ்போர்ட்டர் நீட்டிக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் பில்லைப் போட்டவரே நீட்டிக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டு, எங்கள் வண்டி நம்பரை மட்டும் தாங்களே போட்டிருந்தார்கள்.

எங்கள் முதலாளி அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டார். நாலேகாலுக்குப் பதில் வந்தது. இங்கிலீஷில் வந்ததை, முக்கியமான வார்த்தைகளை மாற்றாமல் தமிழில் சொல்கிறேன். "எக்ஸ்டென்ஷன் தொடர்பா இன்டர்னலா அலைன் பண்ணிட்டு, ஈஓடிக்குள்ள சர்க்கிள் பேக் பண்றோம். ரெண்டு டீமுக்கும் நடுவுல நல்ல சினர்ஜி இருந்தா இதை ஸ்மூத்தா ஹேண்டில் பண்ணிடலாம்."

நான் படித்தேன். நிம்மதியாக இருந்தது. சாயங்காலத்துக்குள் நீட்டித்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். டிரைவருக்கு போன் போட்டு மெயிலை வாசித்துக் காட்டினேன். பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார், "அப்ப நாளைக்கு ரெடியானதும் வண்டிய எடுக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மெயிலிலிருந்து ஆளுக்கு ஒரு துளி விஷயம்கூடக் கிடைக்கவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதாவது போனைப் போட்டுக் கம்பெனியைக் கேட்டிருக்க வேண்டும். சாயங்காலம் வரும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஒன்றும் வரவில்லை. காலை 8 மணி தாண்டியது. ஒன்பது மணிக்கு வண்டி தயார், பில் செத்துப் போயிருந்தது. உயிரில்லாத பில்லோடு ரோட்டில் ஏறி வரி அதிகாரிகளின் ஸ்குவாட் பிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கேட்கலாம். யார் துணிவார்கள்? கம்பெனியில் தாள்களைச் சரிசெய்து அனுப்ப வெள்ளிக்கிழமை மதியம் ஆனது. அந்த டிரைவர் இரண்டு நாள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனது கேட்பதில்லை.

பிறகு கோயமுத்தூருக்கே போய் மெயில் போட்டவரைப் பார்த்தேன். நல்ல மனிதர், சின்ன வயசு. ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். 'அலைன்' என்றால், இதை யார் செய்ய வேண்டும் என்று கணக்குப் பிரிவில் கேட்பது. 'ஈஓடி', அதாவது நாள் முடிவு என்றால், அவர் ஆபீஸ் மூடுகிற ஐந்தரை மணி. எங்கள் ஆபீஸுக்கு நாள் ராத்திரி ஒன்பதுக்கு முடியும், பில்லுக்கு நள்ளிரவில் முடியும், டிரைவருக்கு லோடு இறங்கினால்தான் முடியும். 'சர்க்கிள் பேக்' என்றால் திரும்பப் பேசுகிறேன் என்பது மட்டும். செய்கிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. நான்தான் அதைச் சேர்த்துப் படித்திருக்கிறேன்.

கடைசியில் சினர்ஜி. அதைக் கேட்டபோதுதான் நான் ஆடிப்போனேன். "உங்க வண்டிதானே சார், நீங்களே நீட்டிச்சுடுவீங்கன்னு நெனச்சேன். அதத்தான் நாசூக்காச் சொன்னேன்" என்றார். அந்த மெயிலில் எங்களைச் செய்யச் சொன்ன ஒரே வேலை அதுதான். அது போய் ஒளிந்துகொண்ட இடம் சினர்ஜி. மரியாதைக்காகச் சேர்த்த வார்த்தை என்று நான் தாண்டிப் போன இடத்தில் முழு விஷயமும் இருந்திருக்கிறது. அந்த வேலையை எங்களால் செய்யவும் முடியாது, ஐடி எங்களுடையது இல்லை. அது அவருக்குத் தெரியாது. நேரடியாக "நீங்கள் நீட்டித்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தால் அடுத்த நிமிஷமே "எங்களால் முடியாது, ஐடி காலி" என்று பதில் போயிருக்கும். தப்பான வாக்கியமாக இருந்தாலும் தெளிவாக இருந்திருந்தால் வண்டி போயிருக்கும்.

சினர்ஜி ஒரு காலத்தில் பொருளுள்ள வார்த்தையாகத்தான் இருந்தது. சேர்ந்து வேலை செய்வது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1965இல் இகோர் ஆன்சாஃப் என்ற நிர்வாகவியல் அறிஞர் அதைக் கம்பெனிக் கணக்குக்குள் கொண்டுவந்தார். இரண்டு தொழில்களைச் சேர்த்தால் தனித்தனியாக வருவதைவிட அதிகம் வருமா என்று பார்ப்பதற்கு. இரண்டும் இரண்டும் ஐந்து ஆகுமா என்ற கேள்விக்கு. அங்கே அதற்கு வேலை இருந்தது. கிளட்ச் போன லாரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அன்றைக்கு நானும் அவரும் உட்கார்ந்து அந்த மெயிலைத் திரும்ப எழுதினோம். ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து யார், என்ன, எத்தனை மணிக்கு என்று கேட்டோம். 'யார்' என்ற இடத்தில் முட்டிக்கொண்டது. அவர் போர்ட்டலைத் திறந்து பில்லைப் பார்த்தார், டிரான்ஸ்போர்ட்டர் இடம் காலி. புதன்கிழமை அவர் பார்க்காமல் விட்டது அதுதான். கடைசியில் வந்தது இது:

"பம்ப் செட் வண்டி கஞ்சிக்கோட்டில் நிற்கிறது. இ-வே பில் இன்று நள்ளிரவோடு முடிகிறது. பில்லில் உங்கள் ஐடி இல்லை, அதனால் நாங்கள்தான் நீட்டிக்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தின் பின்கோடை 5 மணிக்குள் அனுப்புங்கள். எங்கள் கணக்குப் பிரிவு 6 மணிக்குள் நீட்டித்துப் புதுத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பும். வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். தாள் கையில் வராமல் வண்டியை எடுக்க வேண்டாம்."

பழைய மெயிலைவிட நீளம்தான். நீளமானால் என்ன, டிரைவர் கேட்ட கேள்விக்குக் கடைசி வரியில் பதில் இருக்கிறது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். இதை எழுத அவருக்கு நல்ல தமிழோ நல்ல இங்கிலீஷோ தேவைப்படவில்லை, போர்ட்டலைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அலைன், சர்க்கிள் பேக் எல்லாம் பெரும்பாலும் இன்னும் முடிவெடுக்காத இடத்தில்தான் வந்து உட்காரும். வார்த்தையை எடுத்தால் கீழே இருக்கிற பள்ளம் தெரியும்.

பள்ளத்தை அன்றைக்கே அடைக்க முடியாமல் போகலாம். அதில் தப்பே இல்லை. "யார் நீட்டிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கணக்குப் பிரிவில் கேட்டு 5 மணிக்குச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தால் அதுவே எனக்குப் போதும். ஐந்து மணி தாண்டியதும் நானே போனை எடுத்திருப்பேன்.

தமிழில் எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். சினர்ஜியை எடுத்துவிட்டுக் 'கூட்டாற்றல்' என்று போட்டால் டிரைவருக்கு என்ன புரியும்? அதே கேள்வியைத்தான் கேட்பார். நம் மொழியிலும் இந்தப் பழக்கம் பழையது. 'ஆவன செய்யப்படும்' என்று அரசாங்கக் கடிதத்தில் வரும். யார் செய்வார், என்றைக்குச் செய்வார்? இங்கே ஆபீஸில் 'பார்க்கலாம்' என்போம், மலையாளத்தில் 'நோக்காம்' என்பார்கள். தமிழ் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் இருக்கிறார்: அனுப்புகிறேன், அனுப்புங்கள், அனுப்புவார். 'செய்யப்படும்' என்று எழுதும்போது அந்த வாலை நாமே நறுக்கிவிடுகிறோம்.

அதற்காக எல்லாத் தொழில் வார்த்தையையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இ-வே பில்லில் வண்டி நம்பர் போடுகிற பகுதிக்குப் 'பார்ட் பி' என்று பேர். கணக்குப் பிரிவிலிருந்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வரைக்கும் எல்லோருக்கும் அது ஒரே பொருள். அதை மாற்றினால்தான் குழப்பம். டிரைவருக்கு எழுதும்போது மட்டும் 'வண்டி நம்பர் போடுகிற பகுதி' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். 'அலைன்' அப்படி இல்லை. அதே கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டேன், அவர் அதற்கு வேறு பொருள் சொன்னார்.

எழுதினதைச் சோதிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். வேலையோடு சம்பந்தம் இல்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுவேன். "புரிஞ்சுதா?" என்று கேட்க மாட்டேன். கேட்டால் யாராக இருந்தாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், நானும் அன்றைக்கு அப்படித்தான் தலையாட்டினேன். "இதைப் படிச்சதும் நீங்க இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். நான் நினைத்த வேலையை அவர் சொன்னால் மெயிலை அனுப்புவேன். வேறு எதையாவது சொன்னால், எந்த வார்த்தையில் அவர் வழி மாறினார் என்று அங்கேயே தேடுவோம். அநேகமாக அது நாம் மரியாதைக்காகச் சேர்த்த வார்த்தையாக இருக்கும்.

அந்தத் தம்பி இப்போது பில் போடும்போதே டிரான்ஸ்போர்ட்டர் ஐடியையும் போட்டுவிடுகிறார். போன ஓணச் சமயத்தில் ஒரு வண்டி ஆலத்தூரில் நின்றபோது அவரிடமிருந்து வந்த மெயிலில் மூன்று வரிதான் இருந்தது. "ஐடி உங்களுடையது. பில் இன்று நள்ளிரவு முடிகிறது. இன்று மாலை 4 மணிக்கு மேல் நீங்கள் நீட்டித்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்." நாலு மணி தாண்டி ஐந்தாவது நிமிஷம் பில்லை நீட்டித்தோம். டிரைவருக்கு போன் போட்டு, எடுங்கள் என்று சொன்னேன்.