ஏழரை மணிக்கு வந்த குரல்

நேயர்களுக்கு வணக்கம். வட்டக்கச்சியில் இருக்கும் ஒரு தாயும், இலண்டனில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்யும் அவருடைய மகனும் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளும் குரற்பதிவுகளை மட்டுமே கொண்டு நான் எழுதிய சிறுகதையைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். கதை முழுவதையும் சொல்லாமல், என்னை ஒரு மாதம் அலைக்கழித்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்தக் கதையில் கதைசொல்லி இல்லை. இருவர் பேசுகிறார்கள்; ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே நேரம் இருக்கிறது; அந்த நேரம் ஒன்றுதான் எனக்கு விடப்பட்ட இடம். ஆனால் ஒரே பதிவு தாயின் கைபேசியில் 6.30 என்றும் மகனுடைய கைபேசியில் 2.00 என்றும் காட்டும். ஆகவே வாசகரின் கையில் யாருடைய கைபேசியைக் கொடுப்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. நான் தாயினுடையதைக் கொடுத்தேன், ஏனென்றால் காத்திருப்பவர் அவர்.

மகனுக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வேலை. இரண்டு மணிக்குக் கோப்பி இயந்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் அவன் அம்மாவுடன் பேசுவான். கோடையில் இலண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், அது இங்கே காலை ஆறரை. காலபோக விதைப்புக்காலத்தில் தாய் அதைக் கேட்டுவிட்டு வயலுக்குப் போவார். ஒக்ரோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குப் பிரித்தானியாவில் கடிகாரத்தை ஒன்றுக்குத் திருப்பிவிடுவார்கள். இடைவெளி ஐந்தரை மணித்தியாலமாகிவிடும். நமது கடிகாரம் அசைவதில்லை. அந்த ஞாயிறு மகனுடைய குரல் ஏழரைக்குத்தான் வர முடியும்.

முதற் படியில் நான் தலைகீழாகக் கணக்குப் போட்டு 5.30 என்று எழுதியிருந்தேன். இலண்டனில் இரவு வேலை செய்த உறவினர் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு, நான் எண்ணிப்பாராத இன்னொன்றையும் அவரே சொன்னார்: அந்த இரவில் ஒருமணி இரண்டு தடவை வரும், எட்டு மணித்தியால வேலை ஒன்பதாகிவிடும். கதை அங்கேதான் இருந்தது.

இனி அந்த ஒரு மணித்தியாலம். தாய் நான்கு பதிவுகள் அனுப்புகிறார்.

6.41. "அப்பன், தேத்தண்ணி போட்டிட்டன். எழும்பித்தான் இருக்கிறன்."

6.55. "வேலை கூடவோ? ஒரு சொல்லுச் சொல்லிவிடு ராசா."

7.10. மூன்று செக்கன், பேச்சில்லை.

7.24. "நான் இன்னும் வயலுக்குப் போகேல்லை."

மூன்றாவது பதிவு வெறும் கைத்தவறு. பதியும்போது பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பெருவிரல் விலகினால் அந்த இடத்திலேயே அறுந்து போய்விடும், நெல் விதைத்துக் காய்த்த விரலுக்கு அது அடிக்கடி நேரும். முதற் படியில் தாயை "எனக்குப் பயமாக் கிடக்கு" என்று சொல்ல வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். 2009ஆம் ஆண்டைக் கதையில் எங்கும் நான் எழுதவில்லை. செய்தி வராத ஒரு மணித்தியாலம் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வயலுக்குப் போகவில்லை என்பதே போதும். நான்கு பதிவுகளிலும் இருக்கும் சிறிய ஒலிவாங்கிக் குறி இன்னும் நீலமாகவில்லை, அதாவது மகன் எதையும் கேட்கவில்லை. 7.32க்கு நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகின்றன.

7.33. "அம்மா, இஞ்ச மணிக்கூட்டைப் பின்னுக்கு விட்டிட்டாங்கள். ஒருமணி ரெண்டுதரம் வந்தது. பொறுங்கோ, யன்னலில ஆள்..."

7.36. "அந்த மூண்டு செக்கனுக்குள்ள கத்தினது மயிலோ?"

எழுத்தில் பின்னணி ஓசையைக் கொண்டுவருவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே வழி இதுதான். பேசுகிறவருக்குத் தன்னைச் சுற்றியுள்ள சத்தம் கேட்பதில்லை. வட்டக்கச்சியில் மயில் கத்துவதைத் தாய் ஏன் சொல்லப்போகிறார்? குளிரூட்டிகளின் இரைச்சலுக்கு நடுவே நிற்கும் மகன்தான் அதைக் கேட்பான். அதனால் ஓசைகளையெல்லாம் எதிர்ப்பக்கத்தின் கேள்வியாகவே எழுதினேன், மகன் நிற்கும் இடத்து இரைச்சலையும் தாய்தான் ஒருநாள் "அங்க என்ன, மழையோ?" என்று கேட்கிறார்.

மயிலைப் பற்றித் தாய் பதில் சொல்லவில்லை.

7.38. "அப்ப இண்டைக்கு ஒன்பது மணித்தியாலம் நிக்கோணுமே? கூட நிக்கிற ஒண்டுக்குக் காசு தருவினமோ அப்பன்?"

இதற்கு மகன் "தருவாங்கள்" என்று சொல்வதாக எழுதினேன், பின்னர் "கேக்கவேணும்" என்று மாற்றினேன், கடைசியில் இரண்டையும் வெட்டினேன். அச்சில் வந்த கதையில் அந்தப் பதிவின் குறி 7.40க்கு நீலமாகிறது. அடுத்த குரல் மறுநாள் ஏழரைக்கு வருகிறது. தாய் அப்போது வயலில் நிற்கிறார்.