சம்மன் வந்ததும் முதலில் செய்யவேண்டியது

வணக்கம் நேயர்களே. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது தொகையைப் பார்க்கிறோம், தேதியைப் பார்க்கிறோம். கடைசிப் பக்கத்தில் ‘தகராறு ஏற்பட்டால் ஆர்பிட்ரேஷன் மூலம் தீர்க்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. சண்டை வந்தால் நீதிபதியிடம் போகமாட்டோம், நடுவர் ஒருவர் சொல்வதே முடிவு என்று இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்வதுதான் அந்த வரி.

ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடைக்காரர் 90,000 ரிங்கிட்டுக்குக் கடையைப் புதுப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்தபிறகு கூரை ஒழுகுகிறது. கடைசித் தவணை 30,000 ரிங்கிட்டைக் கொடுக்காமல் நிறுத்துகிறார். வேலையைச் செய்த குத்தகையாளர் நேராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிடுகிறார். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதே, நீதிமன்றமே வழக்கை நிறுத்திவிடும் என்று கடைக்காரர் நினைக்கலாம். நிறுத்தாது. அவர்தான் கேட்கவேண்டும்.

எப்போது கேட்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 10ஆவது பிரிவு, வழக்கில் வேறு எந்த அடியும் எடுத்து வைக்கும் முன்பே வழக்கை நிறுத்திவைக்க விண்ணப்பிக்கச் சொல்கிறது. சம்மன் கிடைத்த 14 நாளுக்குள் வழக்கில் ஆஜராவதாகப் பதிவு செய்யவேண்டும். அதைச் செய்வதால் உரிமை போகாது. ஆனால் ‘கூரை ஒழுகுகிறது, அதனால் கொடுக்கவில்லை’ என்று எதிர்வாதத்தைத் தாக்கல் செய்தால், நீதிமன்றத்திலேயே வழக்காட ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆத்திரத்தில் பலர் முதலில் செய்வது இதைத்தான். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் நிறுத்திவைக்கும் விண்ணப்பம். அது உரிய நேரத்தில் போனால், அந்த ஒப்பந்த வரி செல்லாததாகவோ நடைமுறைப்படுத்த முடியாததாகவோ இருந்தாலொழிய, நீதிமன்றம் வழக்கை நிறுத்தியே ஆகவேண்டும்.

ஆனால் நிறுத்துவது நல்லதா? நீதிபதிக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை. நடுவருக்கோ இரு தரப்பும்தான் கட்டணம் கட்டவேண்டும், விசாரணை அறைக்கும் சேர்த்து. 30,000 ரிங்கிட் தகராறில் அந்தச் செலவே பெரும்பகுதியைத் தின்றுவிடலாம், இப்படிப்பட்ட சின்னத் தொகைக்கு நீதிமன்றமே மேல் என்பது என் கருத்து. தொகை பெரிதாகி, கட்டுமானம் பற்றிய நுணுக்கமான சண்டையாகவும் இருந்தால் கதை வேறு. கூரையைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே பிழை என்று சொல்லக்கூடிய ஒரு பொறியியலாளரையே நடுவராக அமர்த்தலாம். விசாரணையும் வெளியாருக்குத் திறந்திருக்காது. யாரை அமர்த்துவது என்பதில் ஒத்துப்போகவில்லை என்றால், கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக ஆர்பிட்ரேஷன் மையத்தை அணுகலாம்.

நேரம் முடியப்போகிறது, மேல்முறையீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவர் சொன்னது தவறு என்பதற்காக மட்டும் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. உங்கள் பக்கத்தைச் சொல்லவே விடவில்லை, தனக்கு அதிகாரமில்லாததைத் தீர்த்துவிட்டார் என்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே, தீர்ப்பு கைக்கு வந்த 90 நாளுக்குள் அதை ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆகவே தீர்ப்பு கிடைத்த தேதியை அதன் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.