தாராவியில் தோல் பை வாங்கப் போறீங்களா? இதைப் பார்த்துட்டுப் போங்க

வணக்கம் மக்களே. தாராவி மெயின் ரோட்டில் ஒரு அண்ணாச்சி கடைக்குள்ளே நிற்கிறேன். மேசையில் இரண்டு கறுப்புப் பை இருக்கிறது, இரண்டும் எருமைத் தோல். ஒன்று வழவழவென்று மாசு மருவில்லாமல் இருக்கிறது. மற்றதில் ஓரமாக ஒரு பழைய கீறல், உண்ணி கடித்த புள்ளிகள். நிறையப் பேர் முதல் பையைத்தான் எடுப்பார்கள். நான் இரண்டாவதை எடுப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். தோலின் மேற்புறத்தில்தான் நார்கள் மிக நெருக்கமாகப் பின்னியிருக்கும். அந்த மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் அது ஃபுல் கிரெய்ன். கீறலும் கடித்தடமும் அதில் தெரியத்தான் செய்யும். முள் கிழித்த தடம் நிறைய இருக்கும் தோலை அப்படியே விற்க முடியாதே? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிசின் ஏற்றி, மேலே நிறப்பூச்சு அடித்து, சூடான தகட்டால் அழுத்திப் புதுசாக ஒரு கிரெய்ன், அதாவது மயிர்க்கால் புள்ளி மாதிரியான வடிவம், பதிப்பார்கள். அதுதான் கரெக்டட் கிரெய்ன். டாப் கிரெய்ன் என்பது தடித்த தோலைப் பிளந்தால் கிடைக்கும் மேல் பாதி. அப்படிப் பார்த்தால் ஃபுல் கிரெய்னும் அதில் அடங்கும். ஆனால் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால், பெரும்பாலும் லேசாகத் தேய்த்த தோல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன், பாருங்கள். முதல் பையில் புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. தகட்டின் அச்சு அது. இரண்டாவதில் மயிர்க்கால் ஓர் இடத்தில் நெருக்கமாக இருக்கிறது, இன்னோர் இடத்தில் கலைந்து கிடக்கிறது. சரி, மடக்கிப் பார்ப்போம். இதில் மெல்லிய சுருக்கம் விழுகிறது, விட்டதும் பரவி மறைகிறது. முதல் பையில் மடிப்பு கெட்டியாக நிற்கிறது. பல மாதம் மடங்கி மடங்கி, பூச்சு முதலில் வெடிப்பது இந்த இடத்தில்தான்.

தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்வார்கள், ஊறினால் ஃபுல் கிரெய்ன் என்று. அதை மட்டும் நம்பாதீர்கள். பூச்சு அடித்த ஃபுல் கிரெய்னிலும் தண்ணீர் உருண்டு நிற்கும்.

ஜாக்கெட் பெரும்பாலும் ஆட்டுத் தோல். மெல்லியது, பலமாகத் தேய்த்தால் தாங்காது. அதனால் அங்கே அச்சுப் பதிவைவிட, பூச்சு எவ்வளவு கனம் என்று பாருங்கள். முழங்கை மடியும் இடத்தை இரண்டு விரலால் இழுத்தால், கனமான பூச்சு ரப்பர் மாதிரி விறைக்கும்.

ஒன்று சொல்லணும், கரெக்டட் கிரெய்ன் போலித் தோல் இல்லை. மும்பை மழையில் தினமும் லோக்கல் ரயிலில் போகிறவருக்கு, அந்தப் பூச்சு வசதிதான், ஈரத்தைத் துடைத்தாலே போதும். பூச்சில்லாத ஃபுல் கிரெய்ன் நனைந்தால் கறை பிடிக்கும், ஜூலையில் அலமாரிக்குள் பூஞ்சையும் பூக்கும். ஆனால் கரெக்டட் கிரெய்னுக்கு ஃபுல் கிரெய்ன் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.