மேற்கோள் குறியை எங்கே போடுவது?

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

அரபியில் ஒருவர் பேசுகிறார். பேச்சின் நடுவே குர்ஆன் வசனம் வருகிறது, அப்புறம் அவருடைய சொந்தப் பேச்சு தொடர்கிறது. அரபிக் கூட்டத்துக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. சிறு வயதிலிருந்து ஓதியும் தொழுகையில் கேட்டும் பழகியவர்கள், முதல் இரண்டு சொற்களிலேயே "இது ஆயத்து" என்று கண்டுகொள்வார்கள். அதே பேச்சை ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் காட்டினால்தான் அவருக்குத் தெரியும். காட்டாவிட்டால் இறைவன் சொன்னதைப் பேச்சாளர் சொன்னதாகவும், பேச்சாளர் சொன்னதை இறைவன் சொன்னதாகவும் அவர் எடுத்துக்கொள்வார். இரண்டுமே பெரிய பிழை. இரண்டில் இரண்டாவதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது.

மேற்கோள் குறி போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பேசியவரே "இது குர்ஆன்" என்று சொல்லியிருந்தால் போதும். 1977 நவம்பர் 20 அன்று எகிப்து அதிபர் அன்வர் சாதாத் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் பேசினார். பேச்சின் முடிவில் தீர்க்கதரிசி சகரியாவின் பெயரைச் சொல்லி ஒரு வரி, அடுத்துக் குர்ஆனின் பெயரைச் சொல்லி ஒரு வசனம், பிறகு சலாம். வசனத்தின் பொருள் இது: அல்லாஹ்வையும், எங்களுக்கு அருளப்பட்டதையும், இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக், யஃகூப் ஆகியோருக்கு அருளப்பட்டதையும், மூஸாவுக்கும் ஈஸாவுக்கும் கொடுக்கப்பட்டதையும் நம்புகிறோம். வாசல் தெரிகிறது, முடிவும் தெரிகிறது. இங்கே கவனிக்க வேண்டியது வசன எண் ஒன்றுதான். ஏறக்குறைய இதே வாசகம் குர்ஆனில் இரண்டு இடங்களில் வருகிறது, 2:136, 3:84. நினைவிலிருந்து எண் போட்டால் தவறிவிடும். அரபி மூலத்தைப் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் கடினமானது. ஆனால் நம் ஊர் ஜும்ஆ பயான்களில் அடிக்கடி கேட்டதுதான். 632இல் நபிகள் நாயகம் (ஸல்) மறைந்த அன்று மதீனாவில் அபூபக்கர் (ரலி) பேசியது. "முஹம்மதை வணங்கியவர்கள் இருந்தால், முஹம்மது இறந்துவிட்டார். அல்லாஹ்வை வணங்கியவர்கள் இருந்தால், அல்லாஹ் உயிரோடு இருப்பவன், இறக்காதவன்." அதற்குப் பிறகு அவர் ஓதியது 3:144. முஹம்மது ஒரு தூதரே, அவருக்கு முன்பும் தூதர்கள் சென்றுவிட்டார்கள், அவர் இறந்தாலோ கொல்லப்பட்டாலோ நீங்கள் வந்த வழியே திரும்பிவிடுவீர்களா என்று கேட்கும் வசனம்.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது, "உயிரோடு இருப்பவன், இறக்காதவன்" என்ற பகுதி. கேட்டால் வசனம் போலவே இருக்கிறது. 25:58இல் "இறக்காத உயிருள்ளவன்" என்று மிக நெருக்கமாகவும் வருகிறது. ஆனால் அபூபக்கர் (ரலி) இங்கே எதையும் ஓதவில்லை. குர்ஆனிலேயே ஊறிய ஒருவரின் சொந்த வாக்கியம் அது. ஆங்கிலத்தில் மேற்கோள் குறியை இந்த இடத்திலேயே திறந்துவிட்டால், அவருடைய புகழ்பெற்ற வாக்கியத்தில் பாதியை அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம், இல்லாத ஒரு வசனத்தையும் உண்டாக்கிவிடுகிறோம். 25:58ஐ அடிக்குறிப்பில் சொல்லலாம், வாக்கியத்துக்குள் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது இடறல் புகாரியின் அறிவிப்பு ஒன்றில் இருக்கிறது. அங்கே வசனத்துக்கு முன்னால் "வகால" என்று மட்டும் வருகிறது, அதாவது "மேலும் சொன்னார்". யார் சொன்னது? அபூபக்கரா, அல்லாஹ்வா? அரபியில் இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றுதான், எழுத்திலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. ஆங்கிலத்தில் அல்லாஹ்வைக் குறிக்கும் "அவன்" என்பதற்குப் பெரிய எழுத்துப் போடும் வழக்கம் உள்ளதால், மொழிபெயர்ப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். அதே நூலின் இன்னோர் அறிவிப்பில் "அல்லாஹ் சொன்னான்" என்று வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் அதை வைத்து முதல் அறிவிப்பைத் திருத்திவிடக் கூடாது. "அபூபக்கர் மேலும் ஓதினார்" என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும். அன்று அவர் ஓதும்வரை அப்படி ஒரு வசனம் இறங்கியிருந்ததையே மக்கள் அறியாததுபோல் இருந்தது என்று அறிவிப்பு சொல்கிறது. அதிலும் "ஓதினார்" என்ற சொல்தான் வருகிறது.

சரி, இப்போது உண்மையிலேயே கடினமான இடத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 75, அதாவது 694. கலீஃபா அப்துல் மலிக் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃபை இராக்கின் ஆளுநராக அனுப்புகிறார். ஹஜ்ஜாஜ் கூஃபா பள்ளிவாசலுக்கு வந்து, தலைப்பாகையால் முகத்தை மறைத்துக்கொண்டு மிம்பரில் ஏறி, வெகுநேரம் பேசாமல் நிற்கிறார். கூட்டத்தில் சிலர் அவர்மீது கல் எறியலாமா என்றுகூட யோசித்தார்கள் என்பது செய்தி. அப்புறம் முகத்திரையை விலக்கிப் பேசத் தொடங்குகிறார்.

அந்தப் பேச்சில் மூன்று குரல்கள் கலந்திருக்கின்றன. தொடக்க வரி, சுஹைம் என்ற பழைய கவிஞருடையது. "பழுத்த தலைகளைப் பார்க்கிறேன், பறிக்கும் காலம் வந்துவிட்டது" என்பது ஹஜ்ஜாஜின் சொந்த வாக்கியம். மூன்றாவது குரல் குர்ஆன். கூஃபா மக்களைப் பார்த்து அவர் சொல்வதைத் தமிழில் தருகிறேன்: "நீங்கள் ஓர் ஊராரைப் போன்றவர்கள். அந்த ஊர் அச்சமின்றி, நிம்மதியாக இருந்தது. எல்லாத் திசைகளிலிருந்தும் அதற்கு உணவு தாராளமாக வந்தது. அல்லாஹ்வின் கொடைகளுக்கு அது நன்றி கெட்டுப்போனது. அவர்கள் செய்துகொண்டிருந்தவற்றுக்காக அல்லாஹ் அதற்குப் பசி, அச்சம் என்னும் ஆடையைச் சுவைக்கக் கொடுத்தான்." உடனே, "அல்லாஹ்மீது ஆணை, நான் சொன்னால் செய்து முடிப்பேன்" என்று தொடர்கிறார்.

இது 16:112. ஆனால் "அல்லாஹ் சொல்கிறான்" என்று அவர் சொல்லவில்லை, முடிவில் "ஸதகல்லாஹ்" என்றும் சொல்லவில்லை. இப்படிச் சொல்லாமல் எடுத்துப் பேச்சுக்குள் சேர்ப்பதை அரபி அணியிலக்கணத்தார் இக்திபாஸ் என்கிறார்கள். 1338இல் மறைந்த கஸ்வீனி தரும் விளக்கத்தின்படி, குர்ஆனிலிருந்தோ ஹதீஸிலிருந்தோ ஒரு பகுதியை, அது அங்கிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டிக்கொள்ளாமல் பேச்சில் சேர்ப்பதே இக்திபாஸ். நமக்குச் சிக்கல் இங்கேதான். மேற்கோள் குறி என்பதே "நான் எடுத்துச் சொல்கிறேன்" என்ற அறிவிப்பு. ஹஜ்ஜாஜ் அப்படி அறிவிக்கவில்லை. குறி போட்டால் அவர் செய்யாததைச் செய்தவராகக் காட்டுகிறோம். போடாவிட்டால், கூஃபாக்காரர்கள் அன்று கேட்டதை ஆங்கில வாசகர் கேட்கவே மாட்டார். அவர்கள் கேட்டது வெறும் வசையை அல்ல. அந்த ஊர் மக்கா என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. நபியை மறுத்துப் பஞ்சத்தில் விழுந்த மக்காவின் இடத்தில் தங்களை இந்த ஆள் நிறுத்துகிறார் என்று அவர்களுக்குப் புரிந்தது.

எல்லை எங்கே என்று பார்ப்போம். குர்ஆனில் வசனம் "அல்லாஹ் ஓர் ஊரை உவமையாகக் கூறுகிறான்" என்று தொடங்குகிறது. ஹஜ்ஜாஜ் அந்தத் தொடக்கத்தை எடுத்துவிட்டு "நீங்கள் ஊராரைப் போன்றவர்கள்" என்று வைக்கிறார். ஆகவே "நீங்கள்", "போன்றவர்கள்", "மக்கள்" எல்லாம் அவருடையவை. "கர்யதின்", அதாவது "ஊர்", என்ற சொல்லில்தான் வசனம் தொடங்குகிறது. வாக்கியத்தின் தொடக்கத்திலேயே குறியைத் திறந்தால், இராக் மக்களைப் பார்த்து அல்லாஹ்வே "நீங்கள்" என்று சொன்னதாகிவிடும். ஹஜ்ஜாஜுக்கு வேண்டியதும் அந்த மயக்கம்தான். மொழிபெயர்ப்பாளர் அதற்குத் துணை போகக் கூடாது. நல்ல வேளையாக ஆங்கிலத்தில் சொல் வரிசை ஒத்துழைக்கிறது: முதலில் "நீங்கள் போன்றவர்கள்", பிறகு "ஊர்", அதற்குப் பின் ஊரைப் பற்றிய விவரம். அரபியில் ஒட்டுப்போட்ட அதே இடத்தில் ஆங்கிலத்திலும் கோடு கிழிக்கலாம். வினை கடைசியில் வரும் தமிழில் இது அவ்வளவு எளிதல்ல. அதனால்தான் மேலே நான் வாக்கியத்தை உடைத்துச் சொன்னேன்.

முடிவு எங்கே? அரபியில் "அவர்கள் செய்துகொண்டிருந்தவை" என்பதோடு வசனம் முடிகிறது. அதற்கு நல்ல தடயம் பெயர்ச்சொல்லுக்குப் பதில் வரும் சுட்டுகள். "நீங்கள்" என்று தொடங்கிய வாக்கியம் நடுவில் "அது" என்றும், கடைசியில் "அவர்கள்" என்றும் மாறுகிறது, பிறகு திடீரென்று "நான்". இப்படிக் காரணமின்றி ஆள் மாறினால் அங்கே வேறொரு குரல் நுழைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். ஆங்கில நடை சீராக இருக்கட்டும் என்று "அவர்கள்" என்பதை "நீங்கள்" என்று மாற்றிவிட்டால் அந்தத் தடயமே அழிந்துவிடும். "ஆடையைச் சுவைப்பது" என்பதும் அப்படித்தான். ஆடையை யாராவது சுவைப்பார்களா என்று அதைப் "பசி சூழ்ந்தது" என்று மழுப்பக் கூடாது. கேட்பவர் வசனத்தை அடையாளம் கண்டதே அந்தச் சொற்சேர்க்கையால்தான்.

நான் பரிந்துரைக்கும் முறை இது. பேசியவரே அறிவித்த வசனத்துக்கு மேற்கோள் குறி, அவருடைய "அல்லாஹ் சொன்னான்" என்பதும் அப்படியே. அறிவிக்காமல் சேர்த்ததற்குக் குறி வேண்டாம், சாய்வெழுத்தில் போட்டு முடிவில் 16:112 என்று எண் கொடுத்தால் போதும். முன்னுரையில் ஒரு வரி எழுதி, சாய்வெழுத்து மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது என்று சொல்லிவிட வேண்டும். சுஹைமின் கவிதையைத் தனி வரியாக உள்ளே தள்ளி அச்சிடலாம். அதையும் சாய்வெழுத்தில் போட்டால் கவிதையும் வசனமும் கலந்துவிடும்.

அரபிப் பதிப்பில் ﴿ ﴾ என்ற பூவடைப்புக் குறி இருக்கிறதே, அதை நம்பலாமா? வழிகாட்டியாக மட்டும் நம்பலாம். அது இக்காலப் பதிப்பாசிரியர் போட்டது, ஹஜ்ஜாஜ் காலத்தது அல்ல. பேச்சும் பல தலைமுறை வாய்வழி வந்து, பிறகுதான் ஜாஹிள், முபர்ரத் போன்றோரின் நூல்களில் ஏறியது. சந்தேகம் வந்தால் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாக்கியின் குர்ஆன் சொல்லடைவை எடுங்கள். வாக்கியத்தில் அரிதான ஒரு சொல்லின் வேரைத் தேடினால் வசனம் சில நிமிடங்களில் அகப்படும். அங்கே அகப்படாதவையும் உண்டு. "லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்" என்பதை வசனம் என்று குறித்துவிடத் தோன்றும். முழு வாசகம் ஹதீஸில் உள்ளது. குர்ஆனில் 18:39இல் இருப்பது பின்பாதி மட்டும்.

இன்னொரு கேள்வி: வசனத்துக்கு யாருடைய ஆங்கிலத்தை எடுப்பது? 1930இல் வெளிவந்த பிக்தாலின் மொழிபெயர்ப்பில் "தௌ", "தீ" போன்ற பழஞ்சொற்கள் வரும். பேச்சு இக்கால ஆங்கிலத்திலும் வசனம் பழைய ஆங்கிலத்திலும் இருந்தால் வேறுபாடு தானாகத் தெரியுமே என்று சிலர் அதைச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹஜ்ஜாஜின் வசனம் அவருடைய அரபிக்குள் ஒட்டு தெரியாமல் இழைந்திருந்தது. பழைய ஆங்கிலத்தைச் செருகினால் இல்லாத மேடுபள்ளம் உண்டாகும். அதோடு, அச்சிட்ட மொழிபெயர்ப்பில் முழு வசனம்தான் இருக்கும், அதை அவருடைய பாதி வாக்கியத்தோடு பொருத்தினால் இலக்கணம் உடையும். நீங்களே மொழிபெயர்த்து, எண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது.

மேடையில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவருக்குச் சாய்வெழுத்தும் இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. அவர் "ஊர்" என்ற சொல்லுக்கு முன்னால் "குர்ஆனின் சொற்களில்" என்று ஒரு துண்டைச் செருகலாம். வசனம் முடிந்ததும் சிறிது நிறுத்தி, குரலை மாற்றி "நான்" என்று தொடங்கலாம். பேசியவர் சொல்லாத ஒன்றை இதில் சேர்க்கிறோம்தான். அச்சில் முன்னுரை எழுதி ஈடுகட்டியதை மேடையில் ஈடுகட்ட வழியில்லை. அப்படியும், யார் பேசுகிறார் என்று தெரியாமல் விடுவதைவிட அந்தத் துண்டைச் செருகுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.