நாக்கு சொல்லாததைப் பல் சொல்லும்

வணக்கம் நேயர்களே. சளி பிடித்தால் இரண்டு நாள் சாப்பாடு சப்பென்று இருக்குமில்லையா? மெல்லும்போது வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏற வேண்டிய வாசனை ஏறாததுதான் காரணம். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த வாசனைதான்.

என் அண்ணனுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மணம் போனது, நாக்கின் சுவையும் போனது. சமையல் என் தொழில். பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பூசணியை வேகவைத்து, வெண்ணெய் போல அரைத்து சூப் கொடுத்தேன். மூன்றாவது வாயிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சூடான ஈரம்டா, வேறொன்றும் தெரியவில்லை" என்றார். உப்பைக் கூட்டினேன். அது பெரிய தப்பு. சுவை தெரியாதவருக்கு உப்பையும் சர்க்கரையும் கூட்டினால் அளவு ஏறுவதே தெரியாது.

அப்புறம்தான் யோசித்தேன். தொடுகை, சூடு, குளிர்ச்சி, மிளகாயின் எரிச்சல், புதினாவின் சில்லிப்பு இவையெல்லாம் வேறொரு நரம்பு வழியாகப் போகின்றன. அண்ணனுக்கு அது நன்றாகவே இருந்தது. மறுநாள் அதே பூசணியில் பாதியை மட்டும் அரைத்தேன், மீதியைச் சிறு துண்டுகளாக விட்டேன். நடுவில் ஒரு கரண்டி குளிர்ந்த கெட்டித் தயிர், மேலே வறுத்த வேர்க்கடலை. ஒரே வாயில் சூடும் குளிர்ச்சியும், மெத்தென்றும் நறுக்கென்றும். கிண்ணம் காலியானது!

அதற்கடுத்த நாள் கடலையை முன்கூட்டியே போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் நமுத்துப்போய், மறுபடி "சூடான ஈரம்". அதனால் சொல்கிறேன்: மொறுமொறுப்பைச் சாப்பிடும் இடத்தில் வைத்துத்தான் தூவ வேண்டும், அதையும் இரண்டு தவணையாக. ஒரே பதம் தொடர்ந்து வந்தால் வாய் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறது. ஆனால் விழுங்கச் சிரமப்படுபவருக்கு இந்தக் கடலை வேலை ஆகாது, புரையேறிவிடும். அவருக்குச் சூடு குளிர்ச்சி வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம்? மஞ்சள் சூப்பை மஞ்சள் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள், அவ்வளவுதான். அடர்நீலக் கிண்ணம், மேலே கொஞ்சம் பச்சை இலை. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு வேண்டாம். அண்ணன் சொன்னார், கண்ணுக்குத் தெரிந்த துண்டைத்தான் பல் தேடுகிறதாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம், வேகமாக. மணம் திரும்பும்போது சிலருக்குக் கோணலாகத் திரும்பும். காபி, வெங்காயம், வறுத்த இறைச்சி எல்லாம் குமட்டும். அப்போது உணவை ஆறவைத்துக் கொடுங்கள், ஆறினால் ஆவியும் வாசனையும் குறையும். இன்னொன்று, கெட்டுப்போன உணவு மணம் போனவர் மூக்குக்குத் தெரியாது. சமைத்த தேதியை டப்பாவில் எழுதி ஒட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.