பெயரின் எழுத்துக்கூட்டல் தெரியாத ஓவியரைத் தேடுவது எப்படி: ஐவசோவ்ஸ்கியை முன்வைத்து

வணக்கம், நேயர்களே. ஒரு நேயர் எனக்கு எழுதியிருந்த கேள்வியை எடுத்துக்கொண்டு இன்று பேசுகிறேன். பழைய தமிழ் இதழ் ஒன்றில், பெரிய அலைக்கு முன்னால் உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு சிலர் உயிருக்குப் போராடும் ஓவியத்தை அவர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். ஓவியர் ரஷ்யர் என்பதும், பெயர் "இவசோஸ்கி" என்பது போல ஒலிக்கும் என்பதும் மட்டுமே அவர் நினைவில் இருக்கின்றன. Ivasoski, Evasosky, Iwasoski என்று பலவாறு தட்டிப் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

இத்தகைய தேடலில் பெரும்பாலோர் செய்வது, ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதில் பலன் குறைவு என்பது என் கருத்து. ஒரு ரஷ்யப் பெயருக்கு ரோமன் எழுத்தில் பத்துப் பதினைந்து வடிவங்கள் இருக்கலாம், ஆனால் ரஷ்ய எழுத்தில் பெரும்பாலும் ஒரே வடிவம்தான் இருக்கும். ஆகவே நாம் ஊகிக்க வேண்டியது ஆங்கில வடிவத்தை அல்ல, மூல வடிவத்தை. அது கையில் கிடைத்துவிட்டால், ரோமன் வடிவங்கள் அனைத்தையும் அதிலிருந்தே வரிசையாகப் பெறலாம்.

முதலில், இந்தப் பெயர் தமிழ் வழியாக நம் காதுக்கு வந்தபோது எந்த எழுத்துகள் மாறியிருக்கக்கூடும் என்று பார்ப்போம். தமிழில் ஒரு ச, ரஷ்ய மொழியின் с என்ற எழுத்துக்காகவும் வந்திருக்கலாம், அதிர்வோடு ஒலிக்கும் з என்ற எழுத்துக்காகவும் வந்திருக்கலாம். இது முதல் ஐயம். முதலில் இருக்கும் "இ" உண்மையில் "ஐ" ஆக இருந்து, ஆங்கில I என்ற எழுத்தின் வழியாக இப்படி ஆகியிருக்கலாம். இது இரண்டாவது. மூன்றாவதாக, ரஷ்யக் குடும்பப் பெயர்களின் இறுதியில் மிகப் பரவலாக வருவது -ский என்பதாகும். அதற்கு முன்னால் -ов- வருவதும் மிகவும் வழக்கம். வேகமாகச் சொல்லும்போது அந்த в ஏறக்குறைய "ஃப்" போல மெலிந்துவிடுவதால், "சோவ்ஸ்கி" என்பது கேட்பவர் காதில் "சோஸ்கி" ஆகிவிடுவது இயல்பே. எனவே பெயரின் பின்பாதி -зовский அல்லது -совский என்று கொள்ளலாம், முன்பாதி Ива- அல்லது Айва- என்று கொள்ளலாம். மொத்தம் நான்கே வடிவங்கள். ரோமன் எழுத்தில் ஊகித்தால் இந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும்.

கைப்பேசியின் அமைப்புகளில் ரஷ்ய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. இப்போது நான் திரையில் தட்டுவதைக் கவனியுங்கள். பெயரை மட்டும் தட்டாமல், "ஓவியர்" என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லையும் சேர்த்துத் தட்டுகிறேன்.

```
Айвазовский художник
```

பெயர் சரியாக அமைந்துவிட்டதால் ஓவியர் உடனே கிடைத்துவிடுகிறார். பெயரில் சிறிதும் நம்பிக்கை இல்லையென்றால், பெயரை அறவே விட்டுவிட்டு художник маринист என்று தட்டலாம். கடல் ஓவியர் என்பது அதன் பொருள். நேயருக்கு ஓவியரின் பெயர் மறந்துவிட்டாலும் ஓவியத்தின் பொருள் நன்றாக நினைவில் இருந்தது அல்லவா? ஓவியர்களைத் தேடும்போது, பெயரைக் காட்டிலும் அவர்கள் வரைந்த பொருள் பல நேரங்களில் உறுதியான பிடியாக அமைகிறது.

அவர் இவான் கான்ஸ்தந்தீனவிச் ஐவசோவ்ஸ்கி. 1817-இல் கிரிமியாவின் ஃபியோதோசியா நகரில் ஓர் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தார். 1900-இல் அதே நகரில் காலமானார். நேயர் விவரித்த ஓவியம் 1850-இல் வரையப்பட்ட "ஒன்பதாவது அலை", ரஷ்ய மொழியில் Девятый вал. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமும் மூன்று மீட்டருக்கும் மேல் அகலமும் கொண்ட அந்த ஓவியம் சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டோமே, இத்துடன் முடிந்தது என்று இருந்துவிட முடியாது. அவருடைய மற்ற ஓவியங்களையும், அவரைப் பற்றிய நூல்களையும், ஏலப் பட்டியல்களையும் தேட வேண்டுமானால், அந்தந்த நாடு அவர் பெயரை எப்படி எழுதுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் Aivazovsky என்பதே பரவலான வடிவம். ஜெர்மானியர்கள் в என்பதை w என்றும் з என்பதை s என்றும் எழுதுவதால் அங்கே அவர் Iwan Aiwasowski ஆகிறார். பிரெஞ்சில் Aïvazovski, போலிஷ் மொழியில் Ajwazowski, துருக்கியில் Ayvazovski. அமெரிக்க நூலகங்கள் பின்பற்றும் முறையில் Aĭvazovskiĭ என்று குறியோடு வரும். அறிவியல் முறை எனப்படும் ஒலிபெயர்ப்பில் Ajvazovskij என்று வரும். இத்தாலிய நூல்களில் இதை அடிக்கடி காணலாம். உக்ரைனிய எழுத்தில் Айвазовський, அதன் ரோமன் வடிவம் Aivazovskyi. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேற்கத்திய நூல்களில் ரஷ்யப் பெயர்களின் -ov என்பதை -off என்று எழுதும் வழக்கம் இருந்ததால், மிகப் பழைய பட்டியல்களில் அந்த வடிவத்தையும் முயன்று பார்ப்பது நல்லது.

இவற்றில் எது தவறு என்று யாராவது கேட்டால், எதுவுமே தவறில்லை என்பதே என் பதில். ஒவ்வொரு மொழியும் தன் வாசகர் சரியாக உச்சரிக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி எழுதுகிறது. உங்களுக்கு வேண்டியது ஜெர்மன் ஏலப் பட்டியல் என்றால் ஜெர்மன் வடிவத்தைத் தட்டுங்கள், நூலகப் பதிவு என்றால் நூலக வடிவத்தைத் தட்டுங்கள்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையில்லை. ஒரே ஆளின் பல பெயர் வடிவங்களைத் தொகுத்து வைப்பதற்கென்றே சில பட்டியல்கள் இருக்கின்றன. கெட்டி ஆய்வு நிறுவனத்தின் ULAN என்ற பட்டியல் ஓவியர்கள், சிற்பிகள், கட்டடக் கலைஞர்கள் ஆகியோருக்கானது. அதில் எந்த ஒரு வடிவத்தைத் தட்டினாலும் அதே பதிவுக்கே வந்து சேரலாம். VIAF பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. Wikidata பக்கத்தில் ஒவ்வொரு மொழிக்கும் நேராகப் பெயரும் மாற்றுப் பெயர்களும் தரப்பட்டிருக்கும். நான் முதலில் திறப்பது இந்த மூன்றாவதைத்தான். அங்கே ரஷ்ய வடிவத்தை அப்படியே ஒட்டித் தேட முடிகிறது, பிற மொழி வடிவங்களும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடுகின்றன. ஆனால் இவை பதிவு செய்யப்பட்ட வடிவங்களை மட்டுமே அறியும். நேயர் தட்டிய Ivasoski போன்ற வடிவத்தை அவை அடையாளம் காண வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒலி ஒற்றுமையை வைத்துத் தேடும் Soundex முறைக்கும் இங்கே ஒரு குறை உண்டு. அந்த முறை பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆகவே I-யில் தொடங்கும் ஊகத்திலிருந்து A-வில் தொடங்கும் பெயரை அது ஒருபோதும் எட்டாது.

முதல் எழுத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஓவியர் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இளமையில் அவர் பெயர் Гайвазовский, அதாவது Gaivazovsky என்று G-யில் தொடங்கியது. அவர் இத்தாலியில் இருந்த 1840-ஐ ஒட்டிய காலத்தில்தான் அந்த முதல் எழுத்து கைவிடப்பட்டது. எனவே அவருடைய தொடக்க கால ஓவியங்கள் சிலவற்றில் கையொப்பம் G ஒலியோடு தொடங்குகிறது. கையொப்பத்தை எழுத்துக்கு எழுத்து படித்து, இது வேறு யாரோ ஒருவர் என்று முடிவு செய்துவிடும் அபாயம் இங்கேதான் இருக்கிறது. ஆர்மேனிய நூல்களில் அவர் ஹோவ்ஹன்னேஸ் ஐவாஸ்யான் என்ற பெயரோடும் வருகிறார். அதன் ரோமன் வடிவம் Hovhannes Aivazian. ரஷ்ய வடிவத்திலிருந்து ஒலிபெயர்ப்பு விதிகளை வைத்து மட்டும் இந்தப் பெயரை நாம் அடைய முடியாது. நான் சொன்ன முறையின் எல்லை இது. இந்த இடத்தில் பெயர்ப் பட்டியல்கள்தான் துணை.

அடுத்து, கிடைத்த ஆள் சரியான ஆள்தானா என்று எப்படி உறுதி செய்வது? பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, ஊர், அறியப்பட்ட ஒரு ஓவியம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். எந்த நாட்டவர் என்பதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தவர், ரஷ்யப் பேரரசின் குடிமகன், பிறந்த ஊர் கிரிமியாவில் இருக்கிறது. ஆகவே ஒரு பட்டியல் அவரை ரஷ்யர் என்றும், இன்னொன்று ஆர்மேனியர் என்றும், வேறொன்று உக்ரைனியர் என்றும் வகைப்படுத்தியிருக்கலாம். தேடும் பக்கத்தில் நாட்டைத் தேர்ந்தெடுத்து வடிகட்டினால் அவர் மறைந்துவிடக்கூடும்.

தேதியிலும் கவனம் தேவை. அவர் பிறந்த நாள் ஒரு நூலில் ஜூலை 17 என்றும் இன்னொன்றில் ஜூலை 29 என்றும் இருக்கும். இறந்த நாள் ஏப்ரல் 19 என்றும் மே 2 என்றும் இருக்கும். அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதே இதற்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நம்முடைய நாட்காட்டியிலிருந்து 12 நாட்கள் பின்தங்கியிருந்தது; 1900 மார்ச் முதல் அந்த இடைவெளி 13 நாட்களாக ஆனது. அதனால்தான் பிறப்பில் 12 நாள் வேறுபாடும் இறப்பில் 13 நாள் வேறுபாடும் வருகின்றன. 12 அல்லது 13 நாள் வேறுபாட்டைக் கண்டால், அது பெரும்பாலும் இரண்டு ஆட்களைக் குறிக்காது, இரண்டு நாட்காட்டிகளையே குறிக்கும்.

உண்மையிலேயே ஆள் மாறிப்போகக்கூடிய இடம் ஒன்றும் இருக்கிறது. ஐவசோவ்ஸ்கியின் பேரன் ஒருவரும் கடல் ஓவியரே. அவர் அலெக்ஸேய் ஹான்சென். 1876-இல் பிறந்து 1937-இல் காலமானார். ரஷ்ய எழுத்தில் h ஒலிக்கென்று தனி எழுத்து இல்லாததால், ஹான்சென் என்ற பெயர் அங்கே Ганзен என்று எழுதப்படுகிறது. அதையே மறுபடியும் ரோமன் எழுத்துக்குக் கொண்டுவரும்போது சிலர் Ganzen என்றும், சிலர் Hanzen என்றும், சிலர் Hansen என்றும் எழுதுகிறார்கள். ஒரே குடும்பம், ஒரே வகையான பொருள், ஒரே கருங்கடல் என்பதால், இணையத்தில் கிடைக்கும் படத்தின் கீழே இருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். படத்தில் தேதி இருந்தால் அதை முதலில் பாருங்கள். அது 1900-க்குப் பிந்தையது என்றால் அந்தப் படம் தாத்தாவுடையதாக இருக்க முடியாது. அப்போது Ганзен என்ற ரஷ்ய வடிவத்தில் தேடலை மறுபடியும் தொடங்குங்கள். தேதி இல்லையென்றால் கையொப்பத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாத்தா ரஷ்ய எழுத்திலும் ரோமன் எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார் என்பதால், எந்த எழுத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், A, Г, H ஆகியவற்றில் எந்த எழுத்தோடு குடும்பப் பெயர் தொடங்குகிறது என்று பாருங்கள். Г என்று இருந்தால், அது இளம் வயது ஐவசோவ்ஸ்கியாகவும் இருக்கலாம், பேரனாகவும் இருக்கலாம். அடுத்த எழுத்து а, அதற்கடுத்தது й என்றால் தாத்தா, н என்றால் பேரன்.