வந்தது குமாரா, குமாரும் வந்தானா?

(மொழியியல் மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

'குமார் வந்தான்' என்று ஒருவர் சொல்கிறார். 'வந்தது குமார்' என்று இன்னொருவர் சொல்கிறார். நடந்தது ஒரே சம்பவம். ஆனால் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் இரண்டு செய்திகள் நம் காதில் விழுகின்றன. யாரோ வந்திருக்கிறார்கள் என்பது ஏற்கெனவே பேச்சில் இருந்திருக்கிறது. அப்படி வந்த ஆள் குமார், வேறு யாரும் இல்லை. இந்த 'வேறு யாரும் இல்லை' எங்கிருந்து வந்தது? வாக்கியத்தில் 'மட்டும்' இல்லை, 'தான்' கூட இல்லை. இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

ஒரே வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டைத் தனியே எடுத்து முன்னிறுத்துவதால் இதைப் பிளவு வாக்கியம் என்கிறோம். முன்னிறுத்தப்பட்ட துண்டுக்குக் குவியம் என்று பெயர். குவியத்தில் இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் விலக்கப்படும் பொருளுக்கு நம் இலக்கண மரபிலேயே ஒரு பெயர் இருக்கிறது: பிரிநிலை. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஐந்து பொருள்களில் அதுவும் ஒன்று. உரைகாரர்கள் காட்டும் 'அவருள் இவனே கள்வன்' என்ற எடுத்துக்காட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து எடுக்கிறோம், மீதிப்பேர் தப்பித்துவிடுகிறார்கள். ஆகவே இந்தப் பேச்சில் பிரிநிலை என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பிளவு வாக்கியத்தை அடையாளம் காண வேண்டும். பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். 'வந்தது மழை' என்று செய்தித்தாள் தலைப்புப் போடுகிறது. பார்க்க 'வந்தது குமார்' மாதிரியே இருக்கிறது. ஆனால் அது பிளவு அல்ல, 'மழை வந்தது' என்பதைத் திருப்பிப் போட்டது, அவ்வளவே. மழை அஃறிணை என்பதால் 'வந்தது' அங்கே சாதாரண வினைமுற்று. குமார் உயர்திணை, அவனுக்கு 'வந்தான்' என்றுதான் முற்று வர வேண்டும். அது வராமல் 'வந்தது' என்று நிற்கும்போதே வினை பெயராக மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எழுவாய் அஃறிணையாக இருந்தால் காலத்தை மாற்றிப் பாருங்கள். எதிர்காலத்தில் முற்று 'வரும்', பெயர் 'வருவது'. 'அடுத்து வருவது வைகை எக்ஸ்பிரஸ்' என்றால் பிளவு. 'அடுத்து வரும் வைகை எக்ஸ்பிரஸ்' என்றால் பிளவு இல்லை. எதிர்மறையும் உதவும்: 'வராதது' என்று வந்தால் பிளவு, 'வரவில்லை' என்று வந்தால் முற்று.

இன்னொரு அடையாளம் வேற்றுமை உருபு. 'மாலா பார்த்தது ரவியை.' 'மாலா கடிதம் எழுதியது தம்பிக்கு.' குவியத்தில் உள்ள சொல், பிளக்காத வாக்கியத்தில் என்ன உருபோடு இருந்ததோ அதை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம். இப்போது 'பார்த்தது' என்பதற்குப் பதில் 'பார்த்த ஆள்' என்று போடுங்கள். 'மாலா பார்த்த ஆள் ரவி' சரி. 'மாலா பார்த்த ஆள் ரவியை' என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். ஆக இவை இரண்டு வேறு அமைப்புகள். 'வந்தவன் குமார்', 'மாலா பார்த்த ஆள் ரவி' போன்றவை ஒரு பெயரை இன்னொரு பெயரோடு சமன்படுத்துபவை. ஆங்கிலத்தில் 'வாட் மாலா ஏட் வாஸ் எ மேங்கோ' என்பதைப் போலிப் பிளவு என்கிறார்கள். அதற்கு நெருங்கிய உறவு இந்த இரண்டாம் வகைதான். 'இட் வாஸ் குமார் ஹூ கேம்' என்பதில் வரும் வெற்று 'இட்' நம்மிடம் இல்லாததால், ஆங்கிலப் பாடநூல் போடும் கோட்டை அப்படியே தமிழின் மேல் போட முடியாது. உருபையும் திணையையும் பார்த்துத்தான் நாம் கோடு போட வேண்டும்.

இந்த வேறுபாடு பிரிநிலையிலும் எதிரொலிக்கிறது. 'வந்தவர்களில் ஒருவன் குமார்' என்று எந்தச் சிக்கலும் இல்லாமல் சொல்லலாம். அங்கே பிரிநிலை போய்விட்டது. 'வந்ததில் ஒன்று குமார்' என்று சொல்லிப் பாருங்கள், குமாரைப் பொட்டலமாக அனுப்பியது போல் இருக்கிறது. 'வந்தவன்' என்பது ஆள்களைக் குறிக்கும் பெயர், அதை எண்ணலாம், பங்கு பிரிக்கலாம். 'வந்தது குமார்' என்பதில் உள்ள 'வந்தது' அப்படி எண்ணப்படுவதில்லை. அது வினையின் மீதி. குவியம் அதை முழுவதுமாக நிரப்ப வேண்டும்.

அதனால்தான் 'குமாரும் வந்தான்' சரியாக இருக்கிறது, 'வந்தது குமாரும்' முறிகிறது. 'உம்' இன்னொருவரைச் சேர்க்கிறது, பிளவு மற்றவரை விலக்குகிறது. 'வந்தது எல்லாரும்', 'வந்தது யாரோ' இரண்டும் நெருடுவதற்கும் காரணம் இதுவே. எல்லாரும் வந்திருந்தால் விலக்க ஆள் இல்லை. யாரோ என்றால் யாரைப் பிரித்தெடுத்தோம் என்றே தெரியவில்லை. 'வந்தது குமாரும் ரவியும்' சரியாக இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த 'உம்' எண்ணும்மை. இருவரும் சேர்ந்தே ஒரு குவியம், அந்த இருவரைத் தவிர யாரும் இல்லை.

இனி முக்கியமான கேள்வி. பிளவு தரும் பிரிநிலையும் 'மட்டும்' தரும் பிரிநிலையும் ஒன்றா? ஆங்கிலப் பிளவைப் பற்றி இதே கேள்வியை 1981-இல் லாரன்ஸ் ஹார்ன் எழுப்பினார். அவர் கையாண்ட சோதனையைத் தமிழில் செய்து பார்ப்போம். 'மாலா மாம்பழம் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாம்பழம் மட்டும் சாப்பிட்டாள் என்று இப்போதுதான் தெரிந்தது.' இயல்பாக இருக்கிறது. புதிதாகத் தெரிந்தது, வேறெதையும் அவள் தொடவில்லை என்பது. இப்போது 'மட்டும்' இருந்த இடத்தில் பிளவை வையுங்கள். 'மாலா மாம்பழம் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் சாப்பிட்டது மாம்பழம் என்று இப்போதுதான் தெரிந்தது.' கேட்பவர் முழிப்பார். முதல் பாதியில் தெரிந்ததே இரண்டாம் பாதியில் திரும்ப வருகிறது. பிளவு 'வேறெதுவும் இல்லை' என்பதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், அதுவே புதுச் செய்தியாகி வாக்கியத்தைக் காப்பாற்றியிருக்கும். காப்பாற்றவில்லை.

எதிர்மறையும் இதையே காட்டுகிறது. 'மாலா சாப்பிட்டது மாம்பழம் மட்டும் இல்லை' என்றால் மாம்பழமும் சாப்பிட்டாள், வேறொன்றும் சாப்பிட்டாள். 'மாலா சாப்பிட்டது மாம்பழம் இல்லை' என்றால் மாம்பழத்தைச் சாப்பிடவே இல்லை. 'மட்டும்' இருக்கும்போது 'இல்லை' போய்ப் பிரிநிலையைத் தாக்குகிறது. பிளவில் அந்தப் பிரிநிலை 'இல்லை'க்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. பேசுபவர் அதை அறிவிப்பதில்லை, பின்னணியில் வைத்துக்கொண்டு பேசுகிறார். என் கணிப்பில் இந்த ஒரு சோடி வாக்கியமே போதும். மற்றச் சோதனைகள் இதை உறுதிப்படுத்தவே.

'தான்' இதில் எங்கே நிற்கிறது? அது இரட்டை வேடக்காரர். 'ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்' என்றால் அதற்கு மேல் இல்லை. 'வந்தது குமார்தான்' என்றால் பெரும்பாலும் 'சந்தேகமே வேண்டாம், குமாரேதான்' என்ற உறுதி. மரபு இலக்கணம் தேற்றம் என்று சொல்வது. ஆகவே பிளவின் வலுவை அளக்கும்போது 'தான்' உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிற மொழிகளுக்கு வருவோம். ஹங்கேரிய மொழி வாக்கியத்தைப் பிளப்பதே இல்லை. குவியத்தை வினைக்கு நேர் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. வினைக்கு முன் ஒட்டி நிற்கும் சிறு சொல் அப்போது இடம் விட்டு வினைக்குப் பின்னால் போய்விடும். அதைப் பார்த்தே குவியம் அமர்ந்திருப்பது தெரியும். அன்னா சபோல்ச்சி 1981-இல் முன்வைத்த ஒரு சோதனை இதற்கு நல்ல அளவுகோல். 'மாரி ஒரு தொப்பியையும் ஒரு கோட்டையும் தேர்ந்தெடுத்தாள்' என்பது உண்மையானால் 'மாரி ஒரு தொப்பியைத் தேர்ந்தெடுத்தாள்' என்பதும் உண்மைதானே? சாதாரண வாக்கியத்தில் ஆம். தொப்பியை வினைக்கு முன்னால் குவியமாக வைத்துவிட்டால் அது பின்தொடர்வதில்லை. தமிழிலும் பாருங்கள்: 'மாரி எடுத்தது தொப்பியையும் கோட்டையும்' என்பதிலிருந்து 'மாரி எடுத்தது தொப்பியை' என்று யாரும் முடிவுகட்ட மாட்டார்கள்.

பிரெஞ்சின் கதை வேறு. அங்கே எழுவாயை வினைக்கு முன் இருந்த இடத்திலேயே குரலால் அழுத்திச் சொல்வது எளிதல்ல. 'யார் வந்தது?' என்று கேட்டால் 'ஸே ஜான் கி எ வெனு' என்று பிளந்தே பதில் சொல்வது அன்றாட வழக்கம். வேறு வழி குறைவாக இருப்பதால் எடுக்கும் அமைப்பில், 'வேறு யாரும் இல்லை' என்று சொல்லவே அவர் அப்படிப் பேசினார் என்று முடிவுகட்ட முடியாது. மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சில் 'ஸே' கண்ட இடமெல்லாம் தமிழில் பிளவைப் போட்டால், மூலத்தில் இல்லாத அழுத்தம் வந்து சேரும்.

நம் அக்கம்பக்கத்திலும் இது உண்டு. மலையாளத்தில் 'ஆராணு வந்நது?' என்று பிளந்து கேட்பதே இயல்பு. சிங்களத்தில் வெறும் 'ஆவா' (வந்தான், வந்தாள்) குவியம் வந்தால் 'ஆவே' என்று மாறும், 'கவுத ஆவே?' என்றால் 'யார் வந்தது?' சிங்களத்தின் இந்த அமைப்பு தமிழோடு கொண்ட நெடுநாள் உறவால் உருவானது என்று ஜேம்ஸ் கெயர் வாதிட்டார். இந்த மொழிகளுக்குள் ஒப்பிடும்போது கேள்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழில் 'யார் வந்தார்கள்?' என்பதற்கு 'யாரும் வரவில்லை' என்பது ஒரு பதில். 'யார் வந்தது?' என்பதற்கு அதே பதிலைச் சொன்னால் கேட்டவரையே மறுப்பதாகிவிடும்.

இதை நீங்களே களத்தில் சோதிக்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். ஹங்கேரிய மொழிக்கு எட்கர் ஒனியாவும் டேவிட் பீவரும் செய்த சோதனையின் சாயல் இது. மாலா மாம்பழமும் பலாச்சுளையும் சாப்பிடும் ஒரு படத்தைக் காட்டுங்கள். மூன்று வாக்கியங்களைத் தனித்தனி ஆள்களிடம் சொல்லுங்கள்: 'மாலா மாம்பழம் சாப்பிட்டாள்', 'மாலா சாப்பிட்டது மாம்பழம்', 'மாலா மாம்பழம் மட்டும் சாப்பிட்டாள்'. பதிலைத் தொடங்க மூன்று வழி கொடுங்கள்: 'ஆமாம், பலாவும் சாப்பிட்டாள்'; 'ஆமாம், ஆனால் பலாவும் சாப்பிட்டாள்'; 'இல்லை, பலாவும் சாப்பிட்டாள்'. பின்னணியில் இருக்கும் பிரிநிலைக்கு நடுவிலுள்ள 'ஆமாம், ஆனால்' பொருந்தும். 'மட்டும்' வந்தால் 'இல்லை' பொருந்தும்.

முதல் வாக்கியத்தைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். 'மாலா என்ன சாப்பிட்டாள்?' என்ற கேள்விக்குப் பதிலாக வந்தால் சாதாரண வாக்கியமே 'அவ்வளவுதான்' என்ற தொனியைப் பெறும். அதைக் கழிக்காமல் பிளவின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. நாள், நேரம், பிறந்த ஊர் போன்றவற்றைக் குவியமாக வைக்காதீர்கள். 'அவள் பிறந்தது மதுரையில்' என்றால் இன்னொரு ஊரிலும் பிறந்திருக்க வழியே இல்லை; அங்கே பிரிநிலை வாழ்க்கையிலிருந்து வருகிறது, வாக்கியத்திலிருந்து அல்ல. வாக்கியங்களை நீங்களே வாசிக்காமல், ஒரே குரலில் பதிவு செய்து ஒலிக்க விடுங்கள். 'மாம்பழம்' என்பதைக் கொஞ்சம் அழுத்திவிட்டால், முதல் வாக்கியமும் இரண்டாவதைப் போலவே விலக்கத் தொடங்கிவிடும்.